திரையில் தமிழ் எழுத்தும் வரியும்

ஒரு செயலியின் திரையில் தமிழ் தெளிவாகத் தெரிய எத்தனை பிக்சல் அளவு வேண்டும் என்ற கேள்விக்கு, எந்த எழுத்துரு என்பதை அறியாமல் விடை கூற இயலாது. 16 பிக்சல் என்று வடிவமைப்பாளர் குறிப்பது எழுத்தின் உயரம் அன்று. எழுத்துருவை வரைந்தவர் எந்தக் கற்பனைச் சதுரத்தை அளவுகோலாகக் கொண்டு வரைந்தாரோ, அந்தச் சதுரத்தின் பக்க நீளத்தையே அது குறிக்கிறது. 'எம்' எனப்படும் இச்சதுரத்தில் தமிழ் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்ப வேண்டும் என்பதற்குப் பொதுவிதி இல்லாமையால், ஒரே 16 பிக்சலில் விண்டோஸின் பழைய எழுத்துருவான லதா அகலப் பரந்து நிற்க, அதே விண்டோஸில் வரும் விஜயா சிறுத்துத் தெரிகிறது. எனவே எழுத்தளவையும் வரியுயரத்தையும் முடிவு செய்வதற்கு முன், பயனரின் கருவியில் எந்த எழுத்துரு வந்து நிற்கப்போகிறது என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

அம்முடிவு எழுதப்படும் இடமே எழுத்துரு வரிசை. உலாவி இவ்வரிசையின் முதற்பெயரில் தொடங்கி, தேவையான எழுத்து கிடைக்கும்வரை அடுத்தடுத்த பெயர்களைத் தேடிச் செல்கிறது. விண்டோஸின் சீகோ யூஐ, ஆண்ட்ராய்டின் ரோபோட்டோ போன்ற இடைமுக எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி அமைத்த வரிசையில் இவையே இருப்பதால், தமிழ் வரும் இடமெல்லாம் தெரிவு இயங்குதளத்தின் கைக்குப் போய்விடுகிறது. அப்போது புதிய விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவியில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ என ஒரே திரை மூன்று உருவம் கொள்கிறது. வடிவமைப்பாளர் தம் கணினியில் பார்த்துச் சரி என்று ஒப்பியது அவற்றுள் ஒன்றை மட்டுமே. ஆகவே தமிழ் எழுத்துருக்களைப் பெயர் சொல்லி வரிசையில் சேர்ப்பதே தக்கது. அவற்றுள் முதலாவதை இணைய எழுத்துருவாகச் செயலியே அனுப்பிவிட்டால், பெரும்பாலான பயனர்கள் ஒரே உருவத்தைக் காண்பார்கள்.

```css
body:lang(ta) {
  font-family: "Noto Sans Tamil", "Nirmala UI",
    "Tamil Sangam MN", "Latha", sans-serif;
  font-size: 1.0625rem;
  line-height: 1.7;
}
```

இவ்விதி செயற்பட, பக்கத்தின் மொழி `lang="ta"` என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழ் எழுத்துரு முதலில் நிற்கும்போது, அதில் இலத்தீன் எழுத்துகளும் இருந்தால், தொகையைக் காட்டும் எண்கள், காற்புள்ளி, சொல்லிடைவெளி ஆகியவையும் அதிலிருந்தே எடுக்கப்படும். தமிழோடு பொருந்துமாறு வரையப்பட்டவையாதலால் தமிழ்த் திரைக்கு இது நன்மையே. ஆயினும் ஆங்கிலப் பெயர்களும் கணக்கு எண்களும் மிகுந்த திரையில் இலத்தீன் எழுத்துருவை முன்னே வைத்து, தமிழை இரண்டாவதாக வைப்போரும் உண்டு. எவ்வகையாயினும் உண்மையில் பயன்பட்ட எழுத்துரு எது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. குரோமின் உருவாக்குநர் கருவியில் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்து, கணக்கிடப்பட்ட மதிப்புகளின் அடியில் பார்த்தால் அதன் பெயர் தெரியும்.

அளவைப் பொறுத்தவரை தமிழுக்குச் சோதனையாக அமைவது ண, ன என்னும் இரட்டை. மூன்று சுழிகளும் இரண்டு சுழிகளும் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு கோட்டுக்கும் அதை அடுத்த வெளிக்கும் குறைந்தது ஒரு பிக்சலாவது கிடைக்க வேண்டும்; கிடைக்காதபோது உலாவி இரண்டையும் கலந்து சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. அடர்த்தி குறைந்த அலுவலகக் கணினித் திரையில், 12 பிக்சலில் இடப்பட்ட 'பணி' என்ற தலைப்பைப் 'பனி' என்று வாசித்துவிடக் கூடும். ஆங்கிலத்துக்கு 12 பிக்சல் போதுமான சிறுகுறிப்பு, தேதி, படிவத்தின் பிழைச்செய்தி ஆகியவற்றுக்கும் தமிழில் 14 பிக்சலுக்குக் கீழே இறங்காமலிருப்பதும், தொடர்ந்து வாசிக்கும் பத்திக்கு 17 பிக்சல் அளவில் தொடங்குவதும் தக்க நடைமுறை. மேற்கண்ட விதியில் உள்ள 1.0625 என்பது, உலாவியின் இயல்பளவான 16 பிக்சலில் 17 பிக்சலாகும். பயனர் தம் உலாவியில் அளவைக் கூட்டினால் அதுவும் உடன் வளரும். தடித்த எழுத்துக்கும் இதே கவனம் வேண்டும். இயல்பான தடிமன் மட்டுமே உள்ள எழுத்துருவை அனுப்பிவிட்டுத் தலைப்பில் தடித்த வடிவத்தைக் கேட்டால், உலாவி கோடுகளைத் தானே பருக்கச் செய்கிறது. அப்போது முதலில் அடைபடுபவை ணகரத்தின் சுழிகளே.

வரியுயரம் என்பது ஒரு வரிக்கு ஒதுக்கப்படும் மொத்தச் செங்குத்து இடம். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகள் பலவும் நடுப்பகுதியிலேயே அடங்கிவிடுகின்றன. தமிழிலோ புள்ளியும் மேல்விலங்கும் மேலே எழ, கு, து, மூ, ழு போன்றவற்றின் கீழ்விலங்குகள் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. இவை அரிதாக அன்றி ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லிலும் வருகின்றன. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் கீழ்விலங்கு கீழ்வரியின் புள்ளியைத் தொட்டு நிற்கும்.

மின்கட்டணச் செயலி ஒன்றில் 'கட்டணம் செலுத்து' என்ற பொத்தானை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தளவு 14 பிக்சல், வரியுயரம் 1, நீண்ட சொல் மிகுந்தால் முப்புள்ளியிட்டுச் சுருக்குவதற்காக `overflow: hidden` என்பன, உள்வெளி இல்லாத அதன் எழுத்துப் பெட்டிக்கு ஆங்கிலப் பதிப்பிலிருந்து அப்படியே வந்தவை என்று கொள்வோம். எழுத்துருவில் புள்ளியின் உச்சி முதல் கீழ்விலங்கின் அடிவரை உள்ள நீட்சி அளவின் 1.2 மடங்கு என்றால், தேவை 16.8 பிக்சல், கிடைப்பதோ 14. எஞ்சிய 2.8 பிக்சல் மேலும் கீழுமாக வெட்டுண்ணும். மேலே போவது ஒன்றரைப் பிக்சல் அளவே என்றாலும், அந்த அளவில் புள்ளியே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே மெய்யெழுத்து புள்ளியிழந்து உயிர்மெய்யாகத் தெரிகிறது. இப்பிழையின் தீமை, அது பிழைபோலத் தோன்றாததில் இருக்கிறது: எழுத்து உடைந்ததாகத் தெரியாமல், சொல்லே தவறாக எழுதப்பட்டதாகத் தெரியும். எழுத்தளவை 16 ஆகவும் வரியுயரத்தை 1.6 ஆகவும் கொண்டால் வரி 25.6 பிக்சல் பெறுகிறது; மேலும் கீழும் பத்துப் பத்துப் பிக்சல் உள்வெளி விட்டால் பொத்தான் 45.6 பிக்சல் உயரமாகும். இந்த உயரத்தைத் `height` என்று நிலைப்படுத்தாமல் `min-height` என்று விட்டால், குறுகிய திரையில் சொற்கள் இரண்டு வரியாக மடிந்தாலும் பொத்தான் உடன் வளர்ந்துகொள்ளும்.

வரியுயரத்தை அலகில்லாத எண்ணாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. மேற்கண்ட `body` விதியில் 17 பிக்சலுக்கு `1.7em` என்று எழுதினால், உலாவி அதை 28.9 பிக்சலாகக் கணக்கிட்டு, அந்த முடிவையே உள்ளிருக்கும் உறுப்புகளுக்கும் வழங்குகிறது. 28 பிக்சல் தலைப்பு அதைப் பெறும்போது அதன் வரியுயரம் 1.03 மடங்காகச் சுருங்கி, இரண்டு வரித் தலைப்பின் எழுத்துகள் மோதிக்கொள்கின்றன. வெறும் `1.7` என்றிருந்தால் தலைப்பின் அளவுக்கே பெருக்கப்பட்டு 47.6 பிக்சல் கிடைக்கும். பெரிய எழுத்துக்கு அது மிகையாதலால், தலைப்புக்குத் தனியே 1.35 என்று குறைத்து 37.8 பிக்சலாக்குவது நன்று.

வரிசையில் பின்னால் நிற்கும் எழுத்துருக்களையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். முதல் எழுத்துருவை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, லதாவில் அதே பொத்தானைப் பார்த்தால், அதன் அகலத்தால் சொல் மடிவதும் சுருக்கப்படுவதும் உடனே வெளிப்படும். அதற்காக முதன்மை அளவைக் குறைப்பது முறையன்று; அந்த எழுத்துருவுக்கு மட்டும் தனி `@font-face` எழுதி, `size-adjust` என்ற பண்பால் 92 விழுக்காடு போன்ற அளவுக்குச் சுருக்கி, ணகரமும் னகரமும் இன்னும் பிரிந்தே தெரிகின்றனவா என்பதை அடர்த்தி குறைந்த திரையில் பார்த்து அவ்விழுக்காட்டை உறுதி செய்யலாம்.