தேடினால் கிடைக்க வேண்டும்: பழைய இதழ்களை பிடிஎஃப் ஆக்கும் முறை

நூலகத்தின் பழைய இதழ்களை பிடிஎஃப் ஆக்கப் புறப்படும் தன்னார்வலருக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்த வேலையைத் திரும்பச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதுதான். எழுத்துகளைக் கணினியே படித்தறியும் ஓசிஆர் வேலையை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஓட்டலாம். ஆனால் தொட்டால் உதிரும் தாளை இரண்டாம் முறை ஸ்கேன் செய்வது நிச்சயமில்லை. ஆகவே முதல் கவனம் படத்துக்கு.

ஒட்டுத் தாளை இழுத்துப் போடும் தானியங்கி ஸ்கேனரில் பழைய இதழைக் கொடுக்கக் கூடாது. தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐ அளவில், பொடி எழுத்தாக இருந்தால் 400-ல் எடுக்கலாம். பைண்டிங் செய்த தொகுப்பைக் கண்ணாடிமேல் அழுத்தினால் முதுகு பிளக்கும். அதை மேலிருந்து கேமராவில் எடுப்பதே நல்லது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்தால், பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். நிழல் பெரிதும் மங்கிவிடும்.

அடுத்தது பெயர். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 ஜனவரியில் தொடங்கியது. அதன் கோப்புகளுக்கு மாதப் பெயரை வைத்தால் அகரவரிசையில் அக்டோபரும் ஆகஸ்டும் ஜனவரிக்கு முன்னால் போய் நிற்கும். ஆண்டு, மாதம், பக்கம் என்று எண்களில் எழுதினால் வரிசை தானாக அமையும்:

```
ezhuthu-1959-01-p001.tif
ezhuthu-1959-01-p002.tif
ezhuthu-1959-01.pdf
```

சிறிய எழுத்து, இடைவெளி கூடாது, ஒற்றை எண்ணுக்கு முன் சுழியம். ஒருவர் ezhuthu என்றும் இன்னொருவர் eluthu என்றும் எழுதினால் ஒரே இதழ் இரண்டாகப் பிரிந்துவிடும். எனவே இதழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரு பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 17, 18-ஆம் பக்கங்கள் கிழிந்து போயிருந்தால் அந்த எண்களை விட்டுவிட்டு 19-க்குப் போங்கள். குறை இருப்பதைப் பெயரே சொல்லும்.

அட்டையில் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் அச்சிட்ட இதழ்களில் ஒரு பொறி உண்டு. விகாரி ஆண்டு 1959 ஏப்ரலில் பிறந்தது. ஆனால் விகாரி தை மாத இதழ் 1960 ஜனவரி நடுவில் தொடங்கும் மாதத்துக்கு உரியது. அதற்கு 1960-01 என்று பெயரிட்டு, அச்சிலுள்ளதை அப்படியே பதிவேட்டில் எழுதுங்கள்.

இனி ஓசிஆர். பக்கப் படங்களை ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்தபின், டெசராக்ட் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தும் `ocrmypdf` இந்த வேலையைச் செய்யும். தமிழ் மொழித் தரவையும் நிறுவியிருக்க வேண்டும்.

```
ocrmypdf -l tam+eng --deskew scan.pdf ezhuthu-1959-01.pdf
```

சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தி, படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு ஒன்றை அது சேர்த்துவிடும். தேடல் அந்த அடுக்கில்தான் நடக்கிறது.

இங்கேதான் பழைய தமிழ் அச்சு கருவியைத் தடுமாற வைக்கும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் அச்சாயின. கருவி இவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடலாம். சோதிப்பது எளிது. பக்கத்தில் கண்ணெதிரே ‘விடுதலை’ என்றிருக்கிறதா? அந்தச் சொல்லைத் தேடுங்கள். கிடைக்காமல், ‘விடுத’ என்று தேடும்போது கிடைத்தால், பிழை லை-யில் இருக்கிறது. வாசகர்களுக்கும் இந்த உத்தியையே சொல்லிக்கொடுங்கள். கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர் இரண்டையும் மட்டும் கையால் ஓர் அட்டவணையில் தட்டச்சு செய்து வைத்தால், ஓசிஆர் தவறவிட்டதையும் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாகக் காப்பு. ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக, சுமார் 26 எம்பி வரும். 64 பக்க இதழ் ஒன்றே முக்கால் ஜிபிக்குச் சற்றுக் குறைவு. மாத இதழின் ஓராண்டு 20 ஜிபி. ஒரு டிபி வன்தட்டில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அடங்கும். இடம் போதவில்லையென்று மூலப் படங்களை அழித்து பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை மேலான ஓசிஆர் வரும்போது அந்தப் படங்கள் தேவைப்படும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். பென்டிரைவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிரதி இருப்பதால் மட்டும் அது நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணை முதல் கட்டளை எழுதிவைக்கும். இரண்டாவது, பின்னாளில் அதைச் சரிபார்க்கும்:

```
sha256sum *.tif *.pdf > list.txt
sha256sum -c list.txt
```

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிரதிகளிலும் இரண்டாவதை ஓட்டுங்கள். FAILED என்று வந்த கோப்பை நல்ல பிரதியிலிருந்து மாற்றுங்கள். இணையத்தில் ஏற்றுவது தனிக் கேள்வி: இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. அதுவரை, அனுமதி இல்லாத இதழ்களை இணையத்தில் பொதுவில் வைக்காதீர்கள்.