முப்பது வாரக் கோடு

"வாங்கின விலையில் பாதிக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டு ஆவரேஜ் பண்ணலாமா?" ஷேர் வாங்குகிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், முதல் கிளாஸ் காலியாவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கைப் பார்ப்பது அவசியம்தான். அதற்கு முன்னால் ஒரு நிமிட வேலை இருக்கிறது. மொபைலில் அந்த ஷேரின் சார்ட்டைத் திறந்து, தினக் கணக்கிலிருந்து வாரக் கணக்குக்கு மாற்றி, 30 வார சராசரிக் கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கோட்டை வைத்து ஷேரின் பயணத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்டான் வைன்ஸ்டீன் என்ற அமெரிக்கர். 1988இல் அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் ஆட்கள் தேடிப் படிக்கிறார்கள். கோட்டின் கணக்கு ரொம்ப எளிது. ஒவ்வொரு வாரமும் கடைசி நாளில் முடிந்த விலையை எடுத்து, அப்படி 30 வார விலைகளைக் கூட்டி, 30ஆல் வகுத்தால் ஒரு புள்ளி. அடுத்த வாரம் புது விலை ஒன்று உள்ளே வரும். மிகப் பழையது வெளியே போகும். உள்ளே வருவது வெளியே போவதைவிடப் பெரிதாக இருந்தால் கோடு ஏறும், சிறிதாக இருந்தால் இறங்கும். கிட்டத்தட்ட ஏழு மாதத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது விலை மேலேயா கீழேயா என்பதுதான் கோட்டின் சாய்வு.

அதில் இன்னொரு சேதியும் உண்டு. விலை கோட்டுக்கு மேலே இருந்தால், இந்த ஏழு மாதத்தில் வாங்கியவர்கள் பொதுவாக லாபத்தில் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம்; விற்க அவசரப்பட மாட்டார்கள். கீழே இருந்தால் பலரும் நஷ்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். விலை கொஞ்சம் ஏறினாலும் "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்றுவிட்டு ஓடுவார்கள்.

முதல் கட்டம் அடித்தளம். நீண்ட வீழ்ச்சி ஓய்ந்து, விலை ஒரு வரம்புக்குள் மாதக்கணக்கில் மேலும் கீழுமாக அலைய, கோடு தட்டையாகும். வரம்பின் மேல்விளிம்பை விலை உடைத்துக்கொண்டு போய், கோடும் நிமிர்ந்தால் ஏற்றக் கட்டம். உடைக்கும் அந்த வாரத்தில் வால்யூம் முந்தைய நான்கு வாரச் சராசரியைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வைன்ஸ்டீனின் கறார். ஏற்றம் களைத்து, விலை கோட்டை மேலும் கீழும் வெட்டிக்கொண்டு திரிந்தால் உச்சக் கட்டம். கீழ்விளிம்பு உடைந்து கோடு கவிழ்ந்தால் இறக்கம். ஏறத்தான் வால்யூம் வேண்டும், இறங்க வேண்டாம். வாங்க ஆள் இல்லாவிட்டாலே போதும், விலை தானாக விழும்.

இப்போது யெஸ் பேங்க் சார்ட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இதில் காசு போட்டவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2013க்குப் பிறகு சில ஆண்டுகள் ஏறிய ஷேர் இது. 2017 செப்டம்பரில் ஒரு ஷேரை ஐந்தாகப் பிரித்தார்கள். கீழே உள்ள விலைகள் எல்லாம் பிரித்த பிறகான கணக்கு. அதன்பின் ஓர் ஆண்டு விலை ஏறக்குறைய 300க்கும் 400க்கும் நடுவிலேயே சுற்றியது. 2018 ஆகஸ்டில் 400ஐத் தொட்டபோது புது உச்சம் என்று பலர் உள்ளே வந்தார்கள். செப்டம்பர் நடுவிலேயே விலை கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. கோடு அப்போது 340ஐ ஒட்டித் தட்டையாகக் கிடந்தது.

தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியோடு முடித்துக்கொள்ளச் சொன்ன சேதி வந்தது. செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் விலை 318இலிருந்து 227க்கு விழுந்தது. அந்த வாரம் கணக்கில் 227 நுழைய, பிப்ரவரியின் சுமார் 320 வெளியேறியது. வித்தியாசம் 93, முப்பதால் வகுத்தால் கோடு ஒரே வாரத்தில் 3 ரூபாய் கவிழ்ந்தது. உச்சக் கட்டத்தின் கீழ்விளிம்பான 300 உடைந்தாயிற்று, கோடும் கவிழ்ந்தாயிற்று. "பேங்க் ஷேர் இவ்வளவு மலிவாகக் கிடைக்குமா" என்று 227இல் ஆவரேஜ் பண்ணியவர்கள், நவம்பர் கடைசியில் 150 பக்கம் அதைப் பார்த்தார்கள்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். இந்த முறையின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. 2019 பிப்ரவரியில் வாராக்கடன் கணக்கில் ரிசர்வ் வங்கி குறை காணவில்லை என்ற சேதியால் ஷேர் எகிறியது. ஏப்ரல் தொடக்கத்தில் 280ஐத் தாண்டியது. விலை கோட்டுக்கு மேலே; கோடும் அந்த மாதக் கடைசிக்குள் இறக்கத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கியிருந்தது. விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் இது ஏற்றக் கட்டம் போலத் தெரியும். ஆனால் அடித்தளம் எங்கே? விலை கீழே கிடந்தது சில மாதங்கள்தான். மேலே 300லிருந்து 400 வரை ஓர் ஆண்டு முழுக்க வாங்கி மாட்டியவர்கள் விற்கக் காத்திருந்தார்கள். மேலே இப்படிச் சரக்கு தேங்கியிருந்தால், கோடு என்ன சொன்னாலும் நான் கை வைக்க மாட்டேன்.

ஏப்ரல் 26 அன்று 1,506 கோடி ரூபாய் காலாண்டு நஷ்டத்தை வங்கி அறிவித்தது. அடுத்த வணிக நாளான 30ஆம் தேதி விலை ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்து 168க்கு வந்தது. கோட்டுக்குக் கீழே ஸ்டாப் லாஸ் போட்டவர்களுக்கும் அது முழுதாக உதவியிருக்காது. சந்தை மூடியிருக்கும் நேரத்தில் சேதி வந்தால், மறுநாள் விலை உங்கள் எண்ணைத் தாண்டிக் கீழேதான் திறக்கும். கோடு நிதானமானது, திடீர்ச் சேதியை அது முன்கூட்டிச் சொல்லாது. அதனால் ஒரே ஷேரில் மொத்தப் பணத்தையும் வைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அக்டோபரில் 30 ரூபாய், 2020 மார்ச் 5 அன்று பணம் எடுக்கக் கட்டுப்பாடு, மறுநாள் ஒரு கட்டத்தில் 6 ரூபாய்க்கும் கீழே. 227 தொடங்கி அதுவரை ஆவரேஜ் பண்ண எத்தனை "மலிவு விலைகள்" கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிஜமான அடித்தளம் எப்படி இருக்கும் என்பதையும் இதே சார்ட் காட்டுகிறது. 2020 ஜூலையில் 12 ரூபாய்க்குப் புது ஷேர்கள் வெளியிட்ட பின், இரண்டு ஆண்டுகள் விலை பெரும்பாலும் 11க்கும் 18க்கும் இடையில் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் அடித்தளத்தின் குணம். 2022 கடைசியில் உடைத்துக்கொண்டு 24ஐத் தொட்டது. ஆனால் வங்கியைக் காப்பாற்றப் போட்ட மீட்புத் திட்டத்தின்போது 100 ஷேருக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டு விற்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். 2023 மார்ச் 13 அன்று பூட்டு திறந்தபோது விலை 16க்கும் கீழே போனது. தேங்கிய சரக்கு மறுபடி வேலையைக் காட்டிவிட்டது.

ஆக, ஆவரேஜ் பண்ணலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. கோடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் வரை கூடாது. அது தட்டையான பிறகும் பல மாதம் காத்திருங்கள். மேலே எந்த விலையில் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று சார்ட்டைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.