‘விரைவில்’ என்பது எந்த நாள்? – வணிக மடல் ஒன்றன் திருத்தம்

வணிக மடலின் மொழியை ஆராய்வதற்கு ஒரே ஒரு மடல் போதும். நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரத்தைச் சேர்ந்த செம்பனைத் தோட்டம் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், சிரம்பானிலுள்ள மொத்த வணிகருக்கு எழுதிய மடல் அது. தோட்டத் தொழிலாளர்கள் மாதம் முழுவதும் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பொருள் வாங்குவார்கள். சம்பளம் கிடைத்ததும் தீர்ப்பார்கள். கடைக்காரரும் அதை நம்பியே மொத்த வணிகரிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறார். 2025 ஜூன் 30ஆம் நாள் அவர் செலுத்தியிருக்க வேண்டிய தொகை 4,800 ரிங்கிட். ஜூலை 2ஆம் நாள் அவர் எழுதிய மடலை இங்குத் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தவிர்க்க இயலாத சில காரணங்களால் தங்களுக்குச் சேரவேண்டிய தொகையை அனுப்புவதில் தாமதம் ஏற்பட்டுவிட்டது. இதனால் தங்களுக்குச் சிரமம் நேர்ந்திருந்தால் மன்னிக்கவும். சம்பளம் போட்டவுடன் கூடிய விரைவில் அனுப்ப ஏற்பாடு செய்யப்படும். தொகை வந்துவிட்டதாகவே தாங்கள் எண்ணிக்கொள்ளலாம்.”

இம்மடலில் எழுத்துப்பிழை இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. ஆயினும் இதைப் படித்த மொத்த வணிகர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, “எவ்வளவு வரும்? என்றைக்கு வரும்?” என்று கேட்டாராம். அவ்விரண்டு வினாக்களுக்கும் மடலில் விடை இல்லை. விடை இல்லாமற்போனதற்குக் காரணம் தொடரமைப்பிலேயே இருக்கிறது.

முதலில் வினைமுற்றுகளைப் பாருங்கள். ‘தாமதம் ஏற்பட்டுவிட்டது’ என்ற தொடரில் தாமதம் தானாகவே வந்து நிற்கிறது, தாமதித்தவர் இல்லை. ‘ஏற்பாடு செய்யப்படும்’ என்ற செயப்பாட்டு வினையில் செய்பவர் மறைந்துபோகிறார். அறிக்கையில் இவ்வமைப்புகளுக்கு இடமுண்டு. மன்னிப்புக் கேட்கும் மடலிலோ, செய்தவர் எழுவாயாக நின்றால்தான் மன்னிப்பு என்பது பொருள்படும். ‘குறித்த நாளில் நான் பணம் செலுத்தவில்லை’ என்று எழுதினால், யாரை மன்னிப்பது என்பது படிப்பவருக்குத் தெரிகிறது.

அடுத்தது ‘நேர்ந்திருந்தால்’ என்னும் நிபந்தனை எச்சம். சிரமம் நேர்ந்ததா என்பதில் எழுதுபவருக்கே ஐயம் இருப்பதுபோல் அது காட்டுகிறது. மொத்த வணிகரும் தமக்குச் சரக்கு தருவோருக்குப் பணம் கட்ட வேண்டியவர். 4,800 ரிங்கிட் வரவில்லையெனில் அவருக்குச் சிரமம் நேரத்தான் செய்யும். எனவே நிபந்தனையை நீக்கி, நேர்ந்ததை நேர்ந்ததாகவே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ‘தொகை வந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ளலாம்’ என்ற தொடர். இனி நிகழவிருப்பதை இறந்தகாலத்தால் கூறுவது தமிழில் பழைய வழக்கு. புறப்படாமலே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோம். விரைவும் தெளிவும் தோன்றக் காலம் மயங்கி வருவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறது. பேச்சில் அது உறுதியைக் காட்டும். கடன் மடலில் அதுவே தீங்காகிறது. இறந்தகாலத்தை நம்பி மொத்த வணிகர் வேறொருவருக்குக் காசோலை எழுதிவிட்டால், வராத பணத்தின் மேல் அந்தக் காசோலை நிற்கும். இங்கு எதிர்காலமே நேர்மையான காலம்.

இனி நாளைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ‘சம்பளம் போட்டவுடன்’ என்பதில் ஒரு சட்டச் செய்தி ஒளிந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் முதலாளி சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஜூன் மாதச் சம்பளத்துக்கு அந்த எல்லை ஜூலை 7, திங்கட்கிழமை. ஆனால் அது தொழிலாளிக்குச் சம்பளம் சேரவேண்டிய எல்லையே தவிர, கடைக்குப் பணம் வரும் நாள் அன்று. ஆகவே, ‘7ஆம் தேதி அனுப்புகிறேன்’ என்று அவர் எழுதியிருந்தாலும் அது பொய்த்திருக்கும்.

உண்மையான நாளைக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நாங்கள் இருவரும் அமர்ந்து முந்திய மாதங்களின் பக்கங்களைப் பார்த்தோம். அப்போது தொழிலாளர்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை 6,000 ரிங்கிட். சம்பளம் கிடைத்த மூன்று நாள்களில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடுவதும், மீதி மாதம் முழுவதும் சிறிது சிறிதாக வருவதும் பக்கங்களில் தெரிந்தன. அப்படியானால் ஜூலை 10க்குள் கையில் இருப்பது ஏறத்தாழ 4,000 ரிங்கிட். அதில் 1,500 ரிங்கிட் அரிசி, எண்ணெய் முதலியவற்றை ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். இல்லையெனில் கடையில் விற்பதற்குப் பொருள் இராது. எஞ்சுவது 2,500. சிறிது சிறிதாக வரும் மீதி அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். ஆகவே எஞ்சிய 2,300 ரிங்கிட்டுக்கு அடுத்த சம்பளம் வரை காத்திருக்க வேண்டும். ஜூலைச் சம்பளத்தின் எல்லை ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை; மூன்று நாள் வசூலுக்கு விட்டால் ஞாயிறு ஆகிவிடும்; வங்கி வழி அனுப்ப இரண்டு நாள் சேர்த்து ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை என்று வைத்தோம்.

முழுத் தொகையையும் ஒரே நாளில் தருவதாகச் சொல்லவே கடைக்காரர் விரும்பினார். இரண்டாகப் பிரிப்பது மரியாதைக்குறைவு என்று எண்ணினார். ஆனால் ஒரு முறை தவறியவர் புதிய நாளிலும் தவறினால், மூன்றாவது நாளை யாரும் நம்பமாட்டார்கள். சிறிய தொகை சொன்ன நாளில் வருவதே அவருடைய மரியாதையைக் காக்கும்.

நாளை எழுதும்போது உருபையும் கவனிக்க வேண்டும். ‘11ஆம் தேதிக்குள்’ என்றால் 11ஆம் நாள் அடங்குமா, 10ஆம் நாளோடு முடிகிறதா என்று வாதிட இடமுண்டு. ‘11ஆம் நாள் வெள்ளிக்கிழமை’ என்று கிழமையோடு எழுதினால் ஐயம் இல்லை. நாளும் கிழமையும் பொருந்தாவிட்டால் பிழையும் உடனே தெரிந்துவிடும்.

திருத்திய மடல் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மே மாதச் சரக்குக்கான 4,800 ரிங்கிட்டை ஜூன் 30ஆம் நாள் நான் செலுத்தியிருக்க வேண்டும், செலுத்தவில்லை. கடையின் குளிர்பெட்டி பழுதாகி, அதற்கு ஒதுக்காத பணத்தைச் செலவிட்டேன். அன்றே தங்களிடம் சொல்லாததும் என் தவறு. தங்களுக்கு நான் உண்டாக்கிய சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஜூலை 11ஆம் நாள் வெள்ளிக்கிழமை 2,500 ரிங்கிட்டும், ஆகஸ்ட் 12ஆம் நாள் செவ்வாய்க்கிழமை 2,300 ரிங்கிட்டும் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன். அதுவரை புதிய சரக்கை ரொக்கத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் சம்பளம் தாமதமானால், அதைக் கேட்ட அன்றே தங்களை அழைத்துச் சொல்வேன்.”

காரணம் ஒரே தொடரில் முடிந்துவிட்டது. அது நீண்டால் மன்னிப்பு வழக்காடலாக மாறும். இறுதித் தொடரில் ஒரு நிபந்தனை எச்சம் மீண்டும் வந்திருப்பதைக் கவனியுங்கள். ‘நேர்ந்திருந்தால்’ என்பது நடந்ததை ஐயப்பட்டது. ‘தாமதமானால்’ என்பது நடக்கக்கூடியதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அப்போது தாம் செய்யப்போவதையும் சொல்கிறது. இலக்கண வடிவம் ஒன்றே. அது நிற்கும் இடமே வேறு.

மாணவர்களுக்கு மடல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு மடல்களையும் அருகருகே எழுதிப்போட்டு, ஒவ்வொரு வினைமுற்றுக்கும் எழுவாயைத் தேடச் சொல்லலாம். பின்னர் ‘எவ்வளவு? என்றைக்கு?’ என்ற மொத்த வணிகரின் வினாக்களுக்கு விடை எந்தத் தொடரில் இருக்கிறது என்று கேட்கலாம்.