அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி

1988 பிப்ரவரியில் ஐந்து இலங்கைத் தமிழர்களை பிரிட்டன் அரசு விமானம் ஏற்றி இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. முந்தைய ஆண்டு அங்கே போய்த் தஞ்சம் கேட்டவர்கள் அவர்கள். ஓராண்டு கழித்து, 1989 மார்ச்சில், பிரிட்டனின் குடிவரவு மேல்முறையீட்டு நடுவர் ஒருவர் அவர்களுடைய கோப்புகளை எடுத்து விசாரித்தார். அவர்களுக்கு இருந்த அச்சம் ஆதாரமுள்ள அச்சம்தான், தஞ்சம் பெற உரியவர்கள்தான், உடனே திரும்ப அழைத்துவர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்த அக்டோபரில் ஐவரும் மறுபடி லண்டன் வந்து சேர்ந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் தாங்கள் வதைக்கப்பட்டதாக அவர்களில் மூவர் சொன்னார்கள்.

அகதி என்பவர் யார், அவரை ஏன் திருப்பி அனுப்பக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வழக்கே போதும். சட்டம் எங்கே காக்கிறது, எங்கே கைவிடுகிறது என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

முதலில் சட்டம். 1951இல் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கைதான் இன்றும் அடிப்படை. இனம், மதம், நாட்டினம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றுக்காகத் தன் நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று ஆதாரத்தோடு அஞ்சுபவர், அதனால் நாட்டுக்கு வெளியே வந்தவர், சொந்த அரசின் பாதுகாப்பை நாட முடியாதவர் அகதி. முதலில் இது 1951க்கு முந்தைய நிகழ்வுகளால் ஊரைவிட்டு ஓடியவர்களுக்கு மட்டும் பொருந்தியது. 1967இல் வந்த நெறிமுறை அந்தக் கால எல்லையை நீக்கியது.

இந்த வரையறைப்படி வறுமைக்காக வந்தவர் அகதி ஆகமாட்டார். போர் நடக்கிறது என்பதும் தனியாகப் போதாது. ஐந்தில் ஒரு காரணத்தோடு ஆபத்து பிணைந்திருக்க வேண்டும். போர்க்குற்றம் செய்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: அரசு முத்திரை குத்திய நாளில் ஒருவர் அகதி ஆவதில்லை. வரையறை அவருக்குப் பொருந்திய நாளிலிருந்தே அவர் அகதி. அரசு செய்வது அதை ஒப்புக்கொள்வதுதான். அதனால்தான் விசாரணை முடியாத ஒருவரையும், 'இன்னும் அங்கீகாரம் பெறாதவர்தானே' என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

அந்தத் தடை உடன்படிக்கையின் 33ஆம் பிரிவில் இருக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ மேற்சொன்ன காரணங்களால் ஆபத்து இருக்கும் எல்லைக்கு எந்த வகையிலும் ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது. இங்கேயே குடியேற்று, குடியுரிமை கொடு என்றெல்லாம் அது கேட்கவில்லை. பாதுகாப்பான மூன்றாவது நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பலாம். ஆபத்துக்குள் மட்டும் தள்ளாதே என்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருப்பவர் விஷயத்தில் அந்தப் பிரிவே விதிவிலக்கு தருகிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் அப்படிப்பட்ட விதிவிலக்கு இல்லை. சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு யாரையும், அவர் என்ன செய்திருந்தாலும், அனுப்பக்கூடாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் நிலையும் அதுதான்.

இனி அந்த ஐவரின் வழக்கு. அவர்கள் தஞ்சம் கேட்ட 1987இல் யாழ்ப்பாணத்தில் முதலில் இலங்கை ராணுவத்தின் நடவடிக்கை, ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை. பிரிட்டன் உள்துறை சொன்னது இது: ராணுவம் தேடுவது ஆயுதம் ஏந்தியவர்களை, தமிழர் என்பதற்காக மட்டும் யாரும் குறிவைக்கப்படவில்லை, ஆகவே இவர்களுடைய கோரிக்கை செல்லாது.

வழக்கு படிப்படியாக மேலே போனது. எவ்வளவு அச்சம் இருந்தால் அது ஆதாரமுள்ள அச்சம் என்பதே நீதிபதிகள் முன் இருந்த கேள்வி. அவருடைய இடத்தில் இருக்கும் நியாயமான ஒரு மனிதர் அஞ்சுவாரா என்று பார்த்தால் போதும் என்றது அப்பீல் நீதிமன்றம். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. அச்சம் மட்டும் போதாது. உண்மையிலேயே ஆபத்து நேர நியாயமான அளவு வாய்ப்பு இருக்கிறதா என்று புறத்தே நின்று பார்க்க வேண்டும் என்றது. கேட்க இது கடுமையாகத் தோன்றும். ஆனால் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று இந்த அளவுகோல் கேட்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் ஆதாரமுள்ளதாக இருக்கலாம் என்று விளக்கியிருந்தது. தவறாக ஒருவரை உள்ளே விட்டால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு சிறியது. தவறாக அனுப்பிவிட்டால் போவது ஓர் உயிர். அளவுகோல் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதன் நியாயம் இதுதான்.

பிரபுக்கள் சபையில் தோற்ற பின் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அப்படியானால் 1989இல் தீர்ப்பளித்த நடுவர் எங்கிருந்து வந்தார்? அதுவரை நீதிமன்றங்கள் பார்த்தது அமைச்சர் சரியான சட்ட அளவுகோலை வைத்து முடிவெடுத்தாரா என்பதை மட்டும்தான். இந்த மனிதருக்கு உண்மையில் ஆபத்து இருக்கிறதா என்று சாட்சியங்களை எடைபோடும் முழு மேல்முறையீடு வேறு. அன்றைய பிரிட்டன் சட்டப்படி, எல்லையிலேயே நுழைவு மறுக்கப்பட்டவர் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் அந்த மேல்முறையீட்டைச் செய்ய முடியும். அதாவது எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்று சொல்கிறாரோ, அந்த இடத்தில் இருந்துகொண்டு, அங்கே ஆபத்து என்று அவர் நிரூபிக்க வேண்டும். லண்டனில் வழக்கறிஞர்கள் வாதாட, கட்சிக்காரர்கள் இலங்கையில் இருந்தார்கள். வென்றார்கள். உயிரோடு இருந்ததால் அந்த வெற்றி அவர்களுக்குப் பயன்பட்டது. இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கும் இடம் இதுதான்.

ஐவரும் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் போனார்கள். 1991 அக்டோபர் 30 அன்று அங்கே தோற்றார்கள். அவர்களை அனுப்பியது உரிமை மீறல் இல்லை என்று எட்டு நீதிபதிகள் சொல்ல, ஒருவர் மட்டும் மறுத்தார். பிரிட்டனின் முடிவை, அது எடுக்கப்பட்ட நாளில் தெரிந்திருந்த, தெரிந்திருக்க வேண்டிய தகவல்களை வைத்தே மதிப்பிட வேண்டும் என்றது நீதிமன்றம். பிற்பாடு நடந்ததைக் கொண்டு முன்பு எடுத்த முடிவைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது நிலைமை ஓரளவு தேறியிருந்தது. 1987 டிசம்பர் இறுதியில் இந்தியாவிலிருந்து விருப்பத்தின்பேரில் ஊர் திரும்புவோருக்கான ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் திட்டமும் தொடங்கியிருந்தது. மற்றத் தமிழ் இளைஞர்களிடமிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டும் தனி அம்சம் எதுவும் கோப்பில் இல்லை. மூவர் வதைக்கப்பட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அது நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டியே அறிந்திருக்க வழியில்லை.

இந்தத் தர்க்கம் எனக்கு முழுதாக உடன்பாடில்லை. ஊரில் எல்லா இளைஞர்களுக்கும் ஆபத்து என்றால் யாருக்குமே தனி ஆபத்து இல்லை என்று அது முடிந்துவிடுகிறது. ஆனாலும் இன்றுவரை தஞ்சக் கோரிக்கைகள் நிற்பதும் விழுவதும் 'உனக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்வியில்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதே நீதிமன்றம் 2008 ஜூலையில் இன்னொரு தமிழரின் வழக்கில் காட்டியது. அவர் 1990க்கும் 1997க்கும் இடையே ஆறு முறை ராணுவத்தால் பிடிக்கப்பட்டு, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடப்பட்டவர். அடிபட்ட தழும்புகள் காலில் இருந்தன. புகைப்படமும் கைரேகையும் எடுக்கப்பட்டிருந்தன. அவரை விடுவிக்க அவருடைய தந்தை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். நீதிமன்றம் அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டது. கையெழுத்து வாங்கியிருந்தால் பதிவு இருக்கும். பதிவு இருந்தால் கொழும்பு விமான நிலையத்தில் பெயரைத் தட்டியதும் வெளியே வரும். தடுத்து நிறுத்தினால் தழும்பு தெரியும். தழும்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஒவ்வொன்றும் தனியாகச் சிறியது. சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆபத்து. அவரை அனுப்பினால் உரிமை மீறல் ஆகும் என்று தீர்ப்பு வந்தது. போர் மீண்டும் மூண்டிருந்த ஆண்டு அது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

புலம்பெயர்ந்தவர்கள் இதையெல்லாம் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். கேஸ் எழுதிக்கொடுக்கும் ஏஜென்டுகளும் உண்டு. பலருடைய கோரிக்கை கெடுவது அங்கேதான். தன் சொந்தக் கதையில் இருக்கும் அந்தத் தந்தையின் கையெழுத்தைப் போன்ற சிறு விவரத்தை விட்டுவிட்டு, யாருக்கும் பொருந்தக்கூடிய பெரிய கதை ஒன்றை ஒப்பித்தால், அதிகாரி இரண்டாவது நேர்காணலில் தேதியைக் கேட்கும்போது அது உடைகிறது. உடைந்தபின் உண்மையான பகுதியையும் நம்ப ஆள் இருப்பதில்லை. உண்மையைச் சொல்பவர்களும் தடுமாறுவார்கள். வதைபட்டவர் தேதிகளைக் குழப்புவது இயல்பு. பாலியல் வன்முறையை முதல் நேர்காணலில், அதுவும் மொழிபெயர்ப்பாளர் முன்னால், பலரால் சொல்ல முடியாது. இதை உணர்ந்த அதிகாரி மருத்துவ அறிக்கை கேட்பார். அந்த மருத்துவர் யார் அடித்தார்கள் என்று சொல்லமாட்டார். இந்தத் தழும்பு இவர் சொல்லும் விதத்தில் ஏற்பட்டிருக்கக்கூடியதா, எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்வார்.

பிரிட்டனில் 1993இல் புதுச் சட்டம் வந்தது. தஞ்சம் மறுக்கப்பட்டவர் நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் வழியை அது திறந்தது. ஐவருக்குக் கிடைக்காதது பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்தது.

இந்தியா 1951 உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. இலங்கையும் இல்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை. நம் நாட்டில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. முகாமில் பிறந்து வளர்ந்தவரும் வெளிநாட்டினர் பற்றிய பொதுச் சட்டத்துக்குள்தான் வருகிறார். இருந்தாலும் நீதிமன்றங்கள் சில இடங்களில் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. தமிழகத்திலிருந்து இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி நடந்த 1992இல் அது விருப்பத்தின் பேரில்தானா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் இடம் கொடுக்கப்பட்டது. திரும்பிப் போகிறவர் மனம் ஒப்பித்தான் போகிறாரா என்று கேட்டறிவது அதன் வேலை. ஈராக்கைச் சேர்ந்த இருவர் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் திருப்பி அனுப்பாமையும் அடங்கும் என்றது. அந்தப் பிரிவு குடிமக்கள் என்று சொல்லவில்லை, எந்த மனிதரையும் என்கிறது.

உச்ச நீதிமன்றம் இவ்வளவு தூரம் வரவில்லை. ஜம்முவில் பிடிக்கப்பட்டிருந்த ரோஹிங்கியாக்கள் வழக்கில் 2021 ஏப்ரலில் அது இட்ட இடைக்கால உத்தரவு, உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் நாடு கடத்தக்கூடாது என்பதோடு நின்றது. அந்த நடைமுறைக்குள் 'அங்கே போனால் உனக்கு என்ன ஆகும்?' என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டு, பதிலை எழுதி, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் நம்மிடம் இல்லை. வழக்கறிஞரை எட்ட முடிந்தவருக்காக நீதிமன்றம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். எட்ட முடியாதவரிடம் கேட்க யாரும் இல்லை.