யாருடைய சாலட்?

ஆடம் டேவிட்சன் 1989-ல் எடுத்த ‘தி லஞ்ச் டேட்’ பத்து நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைக் குறும்படம். கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருதும், அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கியது. முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வரலாம்.

நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம். வசதியான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் ரயிலைத் தவறவிடுகிறார். உணவகத்தில் ஒரு சாலட் வாங்கி மேசையில் வைக்கிறார், பைகளை இருக்கையில் போடுகிறார், முள்கரண்டி எடுக்கப் போகிறார். திரும்பினால், கசங்கிய உடை அணிந்த கறுப்பின மனிதர் ஒருவர் சாலட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெண்மணி எதிரே உட்கார்ந்து, விடாப்பிடியாக அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறார். அந்த மனிதர் காபி கூட வாங்கிவந்து தருகிறார். வெளியே போன பிறகுதான் பெண்மணிக்குப் பைகள் நினைவுக்கு வருகின்றன. ஓடிவந்து பார்த்தால் அடுத்த மேசையில் அவருடைய பைகள், தொடாத சாலட். இவ்வளவு நேரம் தின்றது அந்த மனிதரின் சாலடை.

இந்தப் படத்தில் பேச்சு மிகக் குறைவு. பார்வையற்ற ஒருவர் அப்படியே கேட்டால் ரயில் நிலைய இரைச்சலும் தட்டுச் சத்தமும்தான் கிடைக்கும். அவருக்காகத் திரையில் நடப்பதை வசனங்களின் இடைவெளியில் ஒரு குரல் சொல்வதுதான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன், தமிழில் ஒலி வர்ணனை. ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்கு வேலை புரிந்துவிடும். ஆனால் அங்கே வாய் ஓயக் கூடாது, இங்கே பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வசனத்தின் மேல் பேசக் கூடாது. கதைக்கு வேண்டிய சத்தத்தின் மேலும் பேசக் கூடாது.

இந்தப் படத்துக்குத் தமிழில் வர்ணனை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெண்மணி முள்கரண்டியோடு திரும்பும் இடத்தில் புதிதாக எழுத வருபவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

“அவர் தன் மேசைக்குத் திரும்புகிறார். ஒரு பிச்சைக்காரன் அவருடைய சாலடைத் திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருக்கிறான்.”

நல்ல தமிழ்தான். ஆனால் ‘தன் மேசை’ பொய், ‘அவருடைய சாலட்’ பொய், ‘திருட்டுத்தனமாக’ இரண்டு மடங்கு பொய். அந்த நிமிடத்தில் கேமரா இவற்றில் எதையும் சொல்லவில்லை. ஒரு மேசை, ஒரு தட்டு, ஒரு மனிதர் என்று மட்டுமே காட்டுகிறது. மீதியைப் பார்ப்பவர் தானாக முடிவு செய்துகொள்கிறார், ஏமாறுகிறார். அந்த ஏமாற்றம்தான் படம். வர்ணனையே பொய் சொல்லிவிட்டால், கடைசியில் கேட்பவருக்குப் பெண்மணி மேல் வராத கோபம் வர்ணனையாளர் மேல் வரும், நியாயமாக.

திருத்தி எழுதினால்: “முள்கரண்டியோடு பெண்மணி வருகிறார். ஒரு மேசையில், கசங்கிய உடையில் ஒரு கறுப்பின மனிதர் சாலட் சாப்பிடுகிறார்.” நிறத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் தயங்குவார்கள். கதை அதில்தான் நிற்கிறது. பெண்மணியின் நிறத்தையும் முதல் காட்சியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் நிறம் சொல்லி மற்றவருக்கு விட்டால் அதுவே பாரபட்சம். ‘பிச்சைக்காரன்’ என்பது ஊகம், கசங்கிய உடை என்பது கண்ணில் படுவது.

அவன், அவர் பிரச்சினை தமிழில் உண்டு. அந்த மனிதரை ‘அவன்’ என்றால் வர்ணனையாளர் பெண்மணியின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். இருவருக்கும் ‘அவர்’ என்பதுதான் சரி. ஆனால் உடனே இன்னொரு சிக்கல் முளைக்கும். “அவர் தட்டை இழுக்கிறார்” என்றால் யார்? ‘கிறார்’ ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. ஆகவே ‘பெண்மணி’, ‘எதிரே இருப்பவர்’ என்று திரும்பத் திரும்பப் பெயரிட்டுத்தான் ஆக வேண்டும். நேரம் இங்கேதான் கரைகிறது.

நேரக் கணக்கு கறாரானது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு சுமார் 160 சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்த எண்ணிக்கை நமக்கு உதவாது. எழுதியதை ஸ்டாப்வாட்ச் வைத்து, படத்தை ஓடவிட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி. சாலடை வைக்கும் இடத்தில் ஆறு விநாடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணவகத்தின் சுவர், விளக்கு, பெண்மணியின் உடை எல்லாம் கண்ணில் படும். எழுத வேண்டியது: “சாலடை மேசையில் வைக்கிறார். பைகள் இருக்கையில். முள்கரண்டி எடுக்கப் போகிறார்.” பைகளை இங்கே விட்டால் முடிவு விளங்காது. அதே சமயம், திரும்பி வரும்போது “பைகளைக் காணோம்” என்று சொல்லவே கூடாது. படம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. கூர்ந்து பார்ப்பவர்களே கவனிப்பார்கள். கேட்பவருக்கும் அதே துப்பு, அதே அளவில் கிடைத்தால் போதும்.

எங்கே பேசாமல் இருப்பது என்பதும் எழுத்துதான். இருவரும் ஒரே தட்டில் மாறி மாறிச் சாப்பிடும் இடத்தில், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வரி போட்டால் நகைச்சுவை செத்துவிடும். “பெண்மணி ஒரு வாய் எடுக்கிறார். முறைக்கிறார்.” அதற்குப் பிறகு சும்மா இருக்கலாம். ‘கோபத்தால் அவர் முகம் சிவக்கிறது’ வேண்டாம், கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியவும் தெரியாது. ‘முறைக்கிறார்’ என்ற ஒரு சொல் புருவம், உதடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

மற்ற இடங்களில் வர்ணனை காட்சிக்கு ஒன்றிரண்டு விநாடி முந்தலாம், இடைவெளி அங்கேதான் கிடைக்கிறது என்றால் வேறு வழியில்லை. கடைசிக் காட்சியில் அந்தச் சலுகை இல்லை. “அடுத்த மேசையில் அவருடைய பைகள். தொடாத சாலட்.” இது அந்த ஷாட் வந்தவுடன் விழ வேண்டும், பெண்மணி சிரிப்பதற்கு முன் முடிய வேண்டும். முந்தினால் முடிவு கெட்டது. பிந்தினால் அரங்கமே சிரித்து முடித்த பிறகு ஒருவர் மட்டும் தனியாகச் சிரிக்க நேரும்.

எழுதியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது சோதனை ஆகாது. படம் அவர் மனதில் ஏற்கெனவே ஓடுகிறது. படத்தை அறியாத, பார்வையற்ற ஒருவரோடு உட்கார்ந்து, காபி வரும் இடத்தில் நிறுத்தி, “என்ன நடக்கிறது?” என்று கேட்க வேண்டும். “யாரோ அந்த அம்மா சாலடைச் சாப்பிடுகிறார், அவரும் விடாமல் சாப்பிடுகிறார்” என்றால் வர்ணனை சரி. “அது இவர் சாலடே இல்லையோ?” என்று கேட்டால், அவர் கூர்மையானவராக இருக்கலாம், அல்லது நம் வரி ஒன்று எங்கோ கசிந்திருக்கலாம். எந்தச் சொல் அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகள் திரையரங்குகளில் ஓடும் முழுநீளப் படங்களுக்கானவை. குறும்படங்களை அவை கட்டுப்படுத்தா. ஆகவே குறும்படம் எடுப்பவர்கள் தாங்களாகத்தான் முன்வர வேண்டும். படத்தொகுப்பு முடிந்ததும் வசனம், இசை, பிற ஒலிகள் மூன்றையும் தனித்தனி டிராக்குகளாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரே கோப்பில் வர்ணனையைச் சேர்க்கும்போது, இசையைத் தணிக்கப் போய் காலடிச் சத்தமும் சேர்ந்து தணிந்துவிடுகிறது.