ஏலக்காய் ஸ்டோருக்கு வரும் புதியவர்

இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளி ஆகிய பகுதிகளில் ஏலக்காய் வாங்கி விற்போர் பலர் வங்கியின் நடைமுறை மூலதனக் கடனைப் பயன்படுத்துகின்றனர். கிடங்கில் இருக்கும் சரக்கே அக்கடனுக்கு ஈடு. ஆகவே வாடிக்கையாளர் குறித்த காலத்தில் சரக்கு அறிக்கை தருகிறார். வரம்பு பெரிதாக இருந்தால், வங்கி வெளியிலிருந்து ஒரு பட்டயக் கணக்கரை அனுப்பிச் சரக்கைத் தணிக்கை செய்கிறது. அதற்கு முன்பாகவே கணக்கைச் சீர்செய்துகொள்ள விரும்பும் உரிமையாளர் தம் செலவில் ஓர் ஆலோசகரை அமர்த்துவதும் உண்டு.

பணியாளர்களுக்கு இவ்விருவரும் ஒருவரே: ‘ஆடிட்டர்’. கம்பம், போடி பக்கத்திலிருந்து மலையேறி வரும் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த ஸ்டோர்களில், ஆலோசகர் உரிமையாளரிடம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பேசிவிட்டு நேரே பேரேட்டைக் கேட்டால், அந்த ஐயம் உறுதியாகிவிடும். பாலக்காட்டின் கஞ்சிக்கோடு, வாளையாறு பகுதித் தொழிற்கூடங்களிலும் இதே நிலையைக் காணலாம்.

அச்சத்திற்குக் காரணமும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 12 விழுக்காடு ஈரப்பதத்துடன் 1,000 கிலோ ஏலக்காய் கிடங்கில் ஏறியது என்று கொள்வோம். அதில் நீர் 120 கிலோ, மீதி 880 கிலோ காய். சில வாரங்களில் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு இறங்கினால், அதே சரக்கின் எடை ஏறத்தாழ 978 கிலோதான். 22 கிலோ குறைகிறது. ஒரு காயும் வெளியே போகவில்லை. கிலோ 2,000 ரூபாய் எனக் கணக்கிட்டால் 44,000 ரூபாய். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் எடை கூடவும் செய்யும். எடைத் தராசை மட்டும் நம்பும் புதியவர் முதலில் சந்தேகிப்பது ஸ்டோர் பொறுப்பாளரைத்தான். இதை அப்பொறுப்பாளர் நன்கறிவார். ஆகவேதான் அவர் வாய் திறப்பதில்லை.

இந்நிலையில் ஆலோசகரின் அறிமுகம் தம் பட்டங்களையும் அனுபவ ஆண்டுகளையும் அடுக்குவதாக இருந்தால் பயனில்லை. “நான் உங்கள் நண்பன், பயப்பட வேண்டாம்” என்பது அதனினும் தவறு. பயம் உண்டென்பதை உறுதிப்படுத்துவதோடு, காப்பாற்ற இயலாத வாக்கும் அது. முதலில் உரிமையாளர் பேச வேண்டும்: யாருடைய பணத்தில், எதற்காக இவர் வந்திருக்கிறார் என்று இரண்டு வரிகள் போதும். (“இவர் வந்து எல்லாத் தவறுகளையும் கண்டுபிடிப்பார்” என்று பெருமையாகச் சொல்லும் உரிமையாளர்களும் உள்ளனர். அதன்பின் ஆலோசகர் என்ன சொன்னாலும் செவியில் ஏறாது.) பிறகு ஆலோசகர், தமிழிலேயே, இவ்வாறு சொல்லலாம்:

“அண்ணே, என்னை அழைத்தவர் உங்கள் முதலாளி, வங்கி அல்ல. அடுத்த மாதம் வங்கியின் தணிக்கையாளர் வருவார், அவர் வேறு. சரக்குப் பதிவேடும் கிடங்கில் உள்ள சரக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே நான் பார்க்கிறேன். உங்கள் சம்பளம், விடுப்பு, வேலை ஆகியவற்றைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதமாட்டேன். காய் உலர்ந்து எடை குறையும் என்பது எனக்குத் தெரியும். எடை போடும்போதே ஈரத்தையும் அளந்து குறிப்போம். உங்கள் பகுதியைப் பற்றி நான் எழுதுவதை முதலில் உங்களிடம் படித்துக் காட்டுவேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சரக்கு களவு போனதற்கான சான்று கிடைத்தால், அதை மறைக்க மாட்டேன். வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்பிவிடுவேன்.”

இதில் கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை விட்டுவிடும்படி சிலர் அறிவுரை கூறுவர். விடலாகாது. அதைப் பின்னர் ஒருநாள் சொல்ல நேர்ந்தால், முன்பு சொன்ன அனைத்தும் பொய்யாகிவிடும். அதுபோலவே, படித்துக் காட்டுவேன் என்று சொன்னவர் ஒருமுறை தவறினாலும் அடுத்த ஸ்டோரில் அச்செய்தி அவருக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருக்கும். ஏல மையத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவர்.

அறிமுகம் முடிந்ததும் உரிமையாளர் எழுந்து போய்விடுவது நல்லது. அவர் இருக்கும்வரை கேள்விகள் வரமாட்டா. முதல் கேள்வி பெரும்பாலும் சுற்றி வளைத்தே வரும்: “பழைய கணக்கும் பார்ப்பீர்களா சார்?” என்பதன் பொருள், முன்னிருந்த ஒருவரின் குறை தம் தலையில் விழுமோ என்பதே. எந்த மாதத்திலிருந்து பார்க்கப்படுகிறது என்று நாளைக் குறிப்பிட்டு விடையளிக்க வேண்டும்.

அறிமுகம் பலித்ததா என்பதை அறிய ஓர் அடையாளம் உண்டு. பல ஸ்டோர்களில் பேரேட்டைத் தவிர இன்னொரு சிறிய நோட்டு இருக்கும். வந்த மூட்டை, சலித்ததில் கழிந்தது, மாதிரிக்கு எடுத்தது எல்லாம் அன்றன்றே அதில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். பேரேடு மட்டும் மேசைக்கு வந்தால் ஆலோசகர் இன்னும் புறத்தார்தான். இரண்டாம் நாள் காலையில், தேநீர் வேளையில், பொறுப்பாளர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சிறு நோட்டை எடுத்து நீட்டினால், கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.