அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ்

பல்லுறுப்புக் கோவைகளைக் கூட்டுவது முதல்முறை படிப்பவர்களுக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஒரே மாறியும் ஒரே அடுக்கும் உள்ள ஒத்த உறுப்புகளைச் சேர்த்து, கெழுக்களை மட்டும் கூட்ட வேண்டும். 5x², 2x² இரண்டும் சேர்ந்தால் 7x². ஆனால் 5x²-உடன் 3x சேராது. x-க்கு 10 என்று போட்டால் முன்னது 500, பின்னது 30, கூட்டினால் 530. இரண்டையும் சேர்த்து 8x² என்று எழுதியவருக்கோ 800 வரும்.

சறுக்கல் எல்லாம் கழித்தலில்தான். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

(5x² + 3x − 4) − (2x² − 7x + 6)

பலர் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு, இரண்டாவது கோவையை −2x² − 7x + 6 என்று எழுதிவிடுகிறார்கள். மைனஸை ஒட்டி நிற்கும் 2x² சரியாகவே மாறிவிடுகிறது. அடுத்த இரண்டு உறுப்புகளும் பழைய குறியோடு அப்படியே இறங்கிவிடுகின்றன. விடை 3x² − 4x + 2 என்று வருகிறது. இது தவறு.

ஏன் தவறு? கடையில் 60 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறோம், 10 ரூபாய் தள்ளுபடி. 100 ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி 100 − (60 − 10), அதாவது 50. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் 100 − 60 − 10 என்று போட்டால் 30தான் வரும். முழு 60-ஐயும் கழித்தால் 10 ரூபாய் அதிகமாகக் கழித்தாகிவிட்டது. அதைத் திரும்பக் கூட்டியாக வேண்டும். உள்ளே இருந்த −10 வெளியே வரும்போது +10 ஆவது இதனால்தான்.

அதே காரணத்தால் −7x என்பது +7x ஆகிறது, +6 என்பது −6 ஆகிறது. கழிக்க வேண்டிய கோவையின் எல்லா உறுப்புகளுக்கும் குறியை மாற்றி முதலில் தனி வரியாக எழுதிக்கொள்வது நல்லது:

5x² + 3x − 4 − 2x² + 7x − 6

இதற்குப் பிறகு மிச்சம் இருப்பது வெறும் கூட்டல். விடை 3x² + 10x − 10. அவசரத்தில் இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

விடையைச் சோதிக்கவும் வழி உண்டு. x = 1 என்று போட்டால் முதல் கோவை 4, இரண்டாவது 1, வித்தியாசம் 3. சரியான விடையிலும் 3 + 10 − 10 = 3. தவறான விடையில் 3 − 4 + 2, அதாவது 1.

இந்தச் சோதனையும் சில நேரம் ஏமாற்றும். மேலே உள்ள கணக்கில் −7x-க்குப் பதில் −6x இருந்திருந்தால், சரியான விடை 3x² + 9x − 10. பழைய தவறைச் செய்தவருக்கு 3x² − 3x + 2 கிடைத்திருக்கும். x = 1 என்றால் இரண்டுமே 2! இரண்டு குறிப்பிழைகள் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. x = 2 என்று போட்டதும் முன்னது 20, பின்னது 8 என்று குட்டு வெளிப்படுகிறது. பூஜ்யத்தைப் போட்டால் மாறிலி உறுப்பை மட்டும்தான் சோதிக்க முடியும். ஆகவே 1-ஐப் போட்டுப் பார்த்த பிறகு 2-ஐயும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.